ஒரே உமி, மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும்: இசப்கோல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா, அடைச்சுக்கிட்டாலும் இதையே தர்றீங்க, ஓடினாலும் இதையே தர்றீங்க. ஒரே சாமான் எப்படி ரெண்டுக்கும் ஆகும்?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். இசப்கோல் உமி குடலை விரட்டுவதும் இல்லை, கட்டிப்போடுவதும் இல்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மலம் இறுகுவதும் இளகுவதும் பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கு என்பதால், அந்த ஒரே வேலை இரண்டு பக்கமும் கைகொடுக்கிறது.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். குடிப்பதும் சாப்பாட்டில் வருவதுமாக ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் தண்ணீர் வயிற்றுக்குள் போகிறது. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று உடம்பே இன்னொரு 7 லிட்டர் அளவுக்குச் சுரந்து ஊற்றுகிறது. சிறுகுடல் இதில் பெரும்பங்கை உறிஞ்சிவிடும். பெருங்குடலுக்கு வந்து சேர்வது ஒன்று, ஒன்றரை லிட்டர்தான். அங்கேயும் உறிஞ்சல் நடந்து, கடைசியில் மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லி வரை.

மலம் பெருங்குடலில் அதிக நேரம் தங்கினால் இந்த உறிஞ்சல் நீண்டுகொண்டே போகும், மலம் காய்ந்து உருண்டையாகிவிடும். உமி வழவழவென்ற கூழாக மாறித் தன்னிடம் உள்ள தண்ணீரைப் பெருங்குடலுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. அதனால் மலம் ஈரமாகவும் கொஞ்சம் பருமனாகவும் கடைசி வரை வந்து சேரும். பருமன் கூடினால் குடலின் சுவர் விரிந்து, தள்ளும் அசைவும் தானாகக் கூடும்.

ஓட்டமாகப் போகும்போது நிலைமை நேர் எதிர். உறிஞ்ச நேரமில்லாமல் தண்ணீர் பிரிந்து, தனியாக ஓடுகிறது. அந்தத் தனித் தண்ணீரை உமி தன் கூழுக்குள் இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் உடம்புக்குள் திரும்பிப் போய்விடவில்லை, மலத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் பிடிபட்டு இருப்பதால் சலசலவென்று ஓடாமல் உருவத்தோடு நிற்கிறது. கூழ் கெட்டியாக இருப்பதால் குடலில் நகர்வதும் சற்று நிதானப்படும்.

ஒரு ஸ்பூன் உமி என்ன பெரிசா தண்ணி பிடிச்சிடப் போகுது?

வீட்டில் பார்த்துவிடலாம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உமியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். நல்ல உமி என்றால் டம்ளரில் பாதிக்குக் கூழ் நிற்கும். தரமான உமி கிராமுக்கு 40 மில்லி அளவுக்காவது பொங்க வேண்டும் என்பது மருந்துத் தர நூல்களில் உள்ள அளவு. டீஸ்பூனில் ஏறக்குறைய 2 கிராம் பிடிக்கும், ஆகவே 80 மில்லி. (பொடியாக அரைத்தது என்றால் அதே ஸ்பூனில் எடை கூடும்.)

இது குறைவாகத் தெரியலாம். ஆனால் மலத்தின் பதம் மாறுவதற்குப் பெரிய அளவுத் தண்ணீர் தேவைப்படாது. இயல்பான மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். 150 கிராம் மலம் என்று வைத்துக்கொண்டால் 112 மில்லி தண்ணீரும் 38 கிராம் திடமும். அதே 38 கிராம் திடத்தில் தண்ணீர் 70 சதவீதமாகக் குறைந்தாலே முக்கி எடுக்கும் நிலை வந்துவிடும். அதற்குக் குறைய வேண்டியது சுமார் 25 மில்லிதான், அதாவது ஐந்து டீஸ்பூன். எதிர்ப்பக்கம் 100 மில்லி கூடினால் 85 சதவீதத்தைத் தொட்டு, நன்றாகவே இளகிவிடும். 9 லிட்டர் புழங்கும் இடத்தில் இந்தச் சின்ன வித்தியாசம்தான் மனுசனைப் படுத்துகிறது.

இந்த அளவுகள் கணக்குப் புரிவதற்காக. உள்ளே போகும் உமி டம்ளரில் பிடித்த அளவை அப்படியே மலத்திலும் பிடித்து வரும் என்று எண்ண வேண்டாம்.

தவிடு, வெந்தயம், ஓட்ஸ் எல்லாமே நார்தானே? அதுல ஏதாவது ஒண்ணு சாப்பிட்டா போதாதா?

போதுமா என்பது அந்த நார் பெருங்குடலைத் தாண்டுமா என்பதைப் பொறுத்தது.

ஓட்ஸும் வெந்தயமும் சிறுகுடலில் நன்றாகவே குழகுழக்கும். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அது நல்லது. ஆனால் பெருங்குடலில் இருக்கும் கிருமிகளுக்கு அவை நல்ல தீனி. கிருமிகள் தின்று முடித்ததும் கூழ் உடைந்துவிடும், பிடித்து வைத்த தண்ணீரும் கை நழுவும். மிஞ்சுவது வாயு. கோதுமைத் தவிடு வேறு ரகம். அது தண்ணீரை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சொரசொரப்பான தவிடு குடல் சுவரை உரசி நீர் சுரக்க வைக்கிறது. மலச்சிக்கலில் அது உதவும். ஓட்டத்துக்கு எந்தப் பயனும் இல்லை, சிலருக்குக் கூடவும் செய்யும்.

இசப்கோல் உமியில் இருக்கும் முக்கியச் சரக்கு அரபினோசைலான் என்ற நார். கிளை கிளையாகப் பிரிந்த அமைப்பு. கிருமிகளால் அதை எளிதில் வெட்டித் தின்ன முடிவதில்லை. அதனால் கூழ் பெருமளவு கூழாகவே கடைசி வரை போகிறது. இரண்டு பக்கமும் வேலை செய்வதன் ரகசியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இந்தச் செரிக்காத குணம்தான். கூழாவது பல பொருள்களுக்கு வரும். கூழாகவே கடைசி வரை நிற்பதுதான் அரிது.

சப்ஜா விதையும் இதுவும் ஒன்றா என்றும் கேட்பார்கள். இல்லை. அது திருநீற்றுப்பச்சிலையின் விதை. இது வேறு செடி, அதன் விதையின் மேல்தோல்.

ராத்திரி ரெண்டு பெரிய ஸ்பூன் போட்டுப் படுத்தேன். போகாததோட வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. உங்க மருந்து சரியில்லையோ?

கேட்டவர் பொள்ளாச்சியிலிருந்து திருச்சூருக்குத் தேங்காய் ஏற்றிப் போகும் ஓட்டுநர். விடிவதற்கு முன் வண்டி எடுப்பவர். வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரையே குறைத்துக்கொள்வார், வருகிற உந்துதலையும் அடக்கிக்கொள்வார். வாரத்தில் இரண்டு தடவைதான் போகிறது, அதுவும் முக்கி. போதாததற்குப் பங்குனிச் சித்திரை வெயில்.

மருந்து சரியாகத்தான் இருந்தது, போட்ட விதம்தான் தப்பு. இரண்டு பெரிய ஸ்பூன் என்றால் 10 கிராம் பக்கம். அதை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து விழுங்கியிருக்கிறார். அவ்வளவு உமிக்கு அந்தத் தண்ணீர் எந்த மூலைக்கு? ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் குடலில் பருமன் மட்டும் கூடி, நகர முடியாமல் நின்றிருக்கிறது.

வாந்தி, விட்டு விட்டு வரும் கடுமையான வலி, வாயுகூடப் பிரியாமல் வயிறு உப்புவது, இவை இருந்தால் கடைக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது குடல் அடைப்பாக இருக்கலாம். அவருக்கு அதெல்லாம் இல்லை. உமியை நிறுத்தச் சொன்னேன். ஆசனவாய்க்கு அருகில் கெட்டியாகத் தங்கியிருப்பது போல உணர்ந்ததால், டாக்டரைப் பார்த்து முதலில் அதை வெளியேற்றிக்கொண்டார். அடைத்து நிற்கிற மலத்துக்கு மேலே உமியைக் கொட்டக் கூடாது. இந்த வரிசை முக்கியம்.

பிறகு புதிதாக ஆரம்பித்தோம். காலையில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன், 250 மில்லி தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும், மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். நான்கு நாள் இதுவே. வயிறு உப்பாமல் ஏற்றுக்கொண்டதும் மாலையில் இன்னொரு டீஸ்பூன். முதல் மூன்று நாள் எந்த மாற்றமும் இல்லை என்று போன் செய்தார். அப்படித்தான் இருக்கும், வேலை தெரிய 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகும். இரண்டாவது வாரத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் போக ஆரம்பித்தது, முக்கல் இல்லை. தேவைப்பட்டால் பெரியவர்கள் ஒரு நாளைக்கு 10 கிராம் வரை பிரித்து எடுக்கலாம். அவருக்கு அது தேவைப்படவில்லை. வண்டியில் தண்ணீர்க் குப்பி வைத்துக்கொண்டதும், கிளம்புவதற்கு முன் கழிவறையில் பத்து நிமிடம் உட்கார்ந்ததும் பாதி வேலையைச் செய்தன என்பது என் எண்ணம். உந்துதலை அடக்கும் பழக்கத்துக்கு உமியிடம் மருந்து கிடையாது.

பித்தப்பை ஆபரேஷன் ஆனதிலிருந்து காலைல சாப்பிட்டதும் மூணு நாலு தடவை இளகிப் போகுது. அடைப்புக்குக் குடிக்கிறதை நான் எப்படிக் குடிக்கறது?

அதே ஓட்டுநரின் அக்கா கேட்ட கேள்வி. தம்பி வாங்கிய அதே டப்பாவைத்தான் அவரும் பயன்படுத்தினார்.

முதலில் இளகலுக்குக் காரணம் தெரிய வேண்டும். அவர் டாக்டரிடம் பார்த்திருந்தார். கிருமித் தொற்று இல்லை, ரத்தம் இல்லை, எடையும் குறையவில்லை. பித்தப்பை இருந்தபோது பித்தம் சேர்ந்திருந்து சாப்பாட்டோடு வெளிவரும். எடுத்த பிறகு அது தொடர்ந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. சிலருக்குச் சிறுகுடல் திருப்பி எடுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டிப் பித்த உப்பு பெருங்குடலுக்குப் போய்விடும். அது அங்கே போனால் பெருங்குடல் தண்ணீரைச் சுரந்து தள்ளும். சாப்பிட்டதும் ஓட வேண்டியிருப்பது அதனால்தான்.

இங்கே உமி இரண்டு விதத்தில் உதவுகிறது. தனியாக ஓடும் தண்ணீரைப் பிடிக்கிறது, கூடவே பித்த உப்பிலும் ஒரு பங்கைக் கூழுக்குள் சிக்க வைக்கிறது. அதனால் அவருக்கு வெறும் வயிற்றில் சொல்லாமல் சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னேன். காலைப் பலகாரத்தோடு ஒரு டீஸ்பூன், ஒரு டம்ளர் நீர்மோரில். மேலே இரண்டாவது டம்ளர் தண்ணீர் தேவையில்லை. இதுதான் தம்பிக்கும் அக்காவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு வாரம் கழித்து ராத்திரிச் சாப்பாட்டோடும் ஒரு டீஸ்பூன் சேர்த்தோம். எத்தனை தடவை என்பது உடனே பெரிதாகக் குறையவில்லை. ஆனால் தண்ணீராகப் போனது கூழ்ப்பதமாகி, அப்புறம் உருவம் பிடித்தது. அவசரம் குறைந்து, கோயிலுக்குப் போகிற வழியில் எங்கே கழிவறை என்று தேடுவது நின்றது. பலன் தெரிகிறதா என்று பார்க்க எண்ணிக்கையை விட இந்த இரண்டையும் கவனிப்பதுதான் சரி.

இதற்கும் அடங்கவில்லை என்றால் பித்த உப்பைப் பிடித்து வைக்கும் மருந்துகள் தனியாக உண்டு. அது டாக்டர் எழுத வேண்டியது.

அடைப்புக்குப் பால், ஓட்டத்துக்குத் தயிர்னு எங்க பாட்டி சொல்வாங்க. அது உண்மையா?

பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது, ஆனால் அது பாலிலோ தயிரிலோ இல்லை. சூடான பாலில் கலந்தால் கூடவே ஒரு டம்ளர் திரவம் போகிறது. தயிரில் கலந்தால் குறைந்த ஈரத்தோடு போகிறது, மிச்சத் தண்ணீரை உமி குடலுக்குள் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆக, தண்ணீரின் அளவுதான் மாறுகிறது.

எனக்குக் கெட்டித் தயிரில் போட்டுத் தின்பது பிடிக்காது. உமி தொண்டையிலேயே ஊதிவிடக்கூடும். மோராகக் கரைத்துக் குடியுங்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் எப்போதும் இருக்கும் சீரகத் தண்ணீரோ பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீரோகூடப் போதும், ஆறியிருக்கட்டும். பால் ஒத்துக்கொள்ளாமல்தான் இளகுகிறது என்றால் பாலில் உமி கலப்பது முன்னுக்குப் பின் முரண்.

நேத்து ராத்திரியிலிருந்து பத்து தடவை தண்ணியாப் போயிடுச்சு. ரெண்டு ஸ்பூன் இசப்கோல் குடுங்க.

தர மாட்டேன். ஓஆர்எஸ் தருவேன். இப்போது கவலைப்பட வேண்டியது மலத்தின் பதத்தைப் பற்றி இல்லை, உடம்பை விட்டுப் போன தண்ணீரையும் உப்பையும் பற்றித்தான். உமி மலத்தைக் கெட்டியாகக் காட்டும், ஆனால் குடல் சுரப்பதை நிறுத்தாது. பார்வைக்குக் குறைந்தது போலிருக்கும், உள்ளே இழப்பு நடந்துகொண்டே இருக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். 1 லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மில்லி பாக்கெட்டும் உண்டு, மாற்றிக் கரைத்தால் உப்பின் அளவே மாறிவிடும். கேரளத்தில் ஆஷா பணியாளர்களிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும்.

காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து கிடப்பது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். உமியின் இடம் வாரக்கணக்கில் இழுக்கும் இளகலில்தான்.

கடையில ஆரஞ்சு வாசனை போட்டது, சாதாரணம், இன்னும் என்னென்னமோ இருக்கே. எதை வாங்க?

பின்பக்கம் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். உமி மட்டும் இருந்தால் இரண்டுக்கும் ஆகும். சில டப்பாக்களில் உமியோடு சென்னா, அதாவது நிலாவரை, அல்லது லாக்டிட்டால், சோடியம் பிகோசல்பேட் போன்ற பேதி மருந்துகளையும் சேர்த்திருப்பார்கள். முகப்பில் இசப்கோல் என்று பெரிய எழுத்தில் இருக்கும். வயிறு இளகிப் போகிறவர் அதைக் குடித்தால் இன்னும் ஓடும், அப்புறம் இசப்கோல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வார். ஆரஞ்சு வாசனைப் பொடிகளில் பாதிக்கு மேல் சர்க்கரையாகவே இருப்பதுண்டு. சர்க்கரை நோயாளிகள் இனிப்பில்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவுக்கு எண்பது வயசு, படுக்கையில்தான். விழுங்கறதுக்கும் சிரமம். கொஞ்சமா ஊட்டலாமா?

வேண்டாம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு இது ஆபத்தான பொருள். பாதி வழியில் நின்று ஊதினால் மூச்சுக்கே முட்டும். உணவுக்குழாயோ குடலோ சுருங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள், மார்ஃபின் வகை வலி மருந்து எடுப்பவர்கள் எவரும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்க வேண்டும், குடித்ததும் படுக்கக் கூடாது. உலர்ந்த உமியை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது வேண்டவே வேண்டாம்.

தைராய்டு மாத்திரையும் சேர்த்துப் போட்டுக்கலாமா?

கூடாது. கூழ் மாத்திரையையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு போய்விடும். தைராய்டு மாத்திரைக்கும் உமிக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். காலையில் மாத்திரை, மாலையில் உமி என்று பிரித்துவிட்டால் குழப்பமில்லை. மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம். இதய மருந்து டிஜாக்சின், ரத்தம் உறையாமல் இருக்கும் வார்ஃபரின், லித்தியம், வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கலாம், அளந்து பாருங்கள்.

நம்ம தென்னந்தோப்புல ஊடுபயிரா இதைப் போட்டா என்ன?

கேட்டவர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயி, விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இசப்கோல் பனிக்காலப் பயிர். வடக்கு குஜராத்திலும் ராஜஸ்தானின் மேற்குப் பகுதியிலும் விளைகிறது, பெரிய சந்தை உஞ்சா. முற்றும் நேரத்தில் வறண்ட வெயில் வேண்டும். கதிர் முற்றியிருக்கும்போது ஒரு மழை பெய்தால் செடியிலேயே விதை ஊதிக் கெட்டுவிடும். குடலுக்குள் நமக்கு உதவுகிற அதே குணம்தான் வயலில் விவசாயிக்கு எமன். நம் ஊரின் ஈரக்காற்றுக்கு அது சரிப்படாது. வீட்டில்கூட இடவப்பாதி மழையில் டப்பாவைத் திறந்து வைத்தால் கட்டி தட்டிவிடும், இறுக்கி மூடி வையுங்கள்.

தினமும் குடிச்சா பழகிப் போயிடுமா? எத்தனை நாள்தான் குடிக்கறது?

குடலைத் தூண்டி வேலை வாங்கும் மருந்து இல்லை என்பதால், மாதக்கணக்கில் எடுத்தாலும் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. நிறுத்தினால் பழைய நிலை திரும்பலாம், அது பழக்கத்தால் இல்லை, காரணம் அப்படியே இருப்பதால். முதல் வாரத்தில் கொஞ்சம் வாயு, உப்பல் இருக்கும். அளவைப் பாதியாக்கி மெதுவாகக் கூட்டினால் அடங்கும். தோல் தடிப்பு, மூச்சு இழுப்பு வந்தால் ஒவ்வாமை, உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

போதிய தண்ணீரோடு இரண்டு வாரம் எடுத்தும் மாறவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மலப்போக்கு மாறினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடையோ ரத்த அளவோ குறைந்தாலோ அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். உமி மலத்தின் பதத்தைச் சரியாக்கிவிட்டால் உள்ளே இருக்கும் கட்டி தெரியாமலே தள்ளிப்போகும். இந்த அறிகுறிகளோடு வருபவரிடம் டப்பாவை எடுத்துக் கொடுப்பதற்கு முன் இதைத்தான் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.